எழுத்துரு வந்து சேராத நேரத்தில்

தமிழ் இணையதளங்கள் பலவற்றின் நிரலைத் திறந்து பார்த்தால் இன்றும் ஒரு பெயர் கண்ணில் படும்: `Latha`. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் தமிழ் என்றாலே லதாதான். தளம் வடிவமைத்தவர்கள் எழுத்துரு என்ற இடத்தில் அந்தப் பெயரை எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். ஆனால் விண்டோஸ் 8 வந்தபோது நிர்மலா யூஐ என்ற புதிய எழுத்துரு சேர்ந்தது. விண்டோஸ் 10-ல் லதாவும் அதன் தங்கை போன்ற விஜயாவும், வேண்டுமானால் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டிய பட்டியலுக்கு நகர்ந்துவிட்டன. ஆப்பிள் கருவிகளிலும் ஆண்ட்ராய்டிலும் லதா என்றுமே இருந்ததில்லை. ஆக, அந்தப் பெயரை நம்பி வடிவமைத்த பக்கத்தை இன்று பெரும்பாலான வாசகர்கள் வடிவமைத்தவர் நினைத்துப் பார்த்திராத எழுத்துருவில்தான் படிக்கிறார்கள்.

எழுத்துருவின் பெயரைச் சொல்வதும், எழுத்துருவையே கொடுத்து அனுப்புவதும் வேறு வேறு வேலைகள். பக்கத்தோடு சேர்த்து எழுத்துருக் கோப்பையும் தன் சர்வரிலிருந்தே அனுப்பும் வழிக்கு `@font-face` என்று பெயர். ஸ்டைல்ஷீட் எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் நாலைந்து வரிகளில் எழுதிவிடலாம். எழுதிய பிறகும் அந்தக் கோப்பு எல்லா வாசகரிடமும், எல்லா நேரத்திலும் போய்ச் சேராது. சேராதபோது பக்கம் எப்படி நிற்கும் என்பதையும் சேர்த்து யோசித்தால்தான் வேலை முடிந்தது என்று பொருள்.

இந்த ஏற்பாடு புதிதல்ல. 1997-ல் வெளியான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 பக்கத்தோடு எழுத்துருவை இறக்கிக்கொள்ளத் தெரிந்த பிரவுசர். நெட்ஸ்கேப்பும் அதே காலத்தில் வேறொரு கோப்பு வகையை வைத்துக்கொண்டு அதையே செய்தது. தமிழ்ப் பத்திரிகைத் தளங்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். ஏனென்றால் அப்போது யூனிகோட் பரவலாகவில்லை. டிஸ்கி, டாம், டாப் என்று குறியேற்றங்கள் பலவாக இருந்தன. பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு என்ற நிலை. தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இறங்கினால் தலையங்கம் தெரியும். இறங்காவிட்டால் தலைக்கு மேல் புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளின் குவியல்தான் தெரியும். அந்தப் பக்கத்தை நகலெடுத்து வைத்தாலும் பயனில்லை, தேடினாலும் கிடைக்காது.

யூனிகோட் இந்த நிலையைத் தலைகீழாக மாற்றியது. இன்று ‘க’ என்ற எழுத்துக்கு உலகெங்கும் ஒரே எண்: `U+0B95`. எழுத்துரு வராவிட்டாலும் எழுத்து எழுத்தாகவே இருக்கிறது. கருவியில் இருக்கும் ஏதோ ஒரு தமிழ் எழுத்துரு அதை வரைந்துவிடும். பிரவுசர் அந்த ஏதோ ஒன்றை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாமே எளிது.

பிரவுசர் பக்கம் முழுவதற்கும் ஒரு எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதில்லை. பட்டியலில் உள்ள முதல் எழுத்துருவிடம் போய், ஒவ்வொரு எழுத்தாக, “இந்த எண் உன்னிடம் இருக்கிறதா?” என்று கேட்கிறது. இருந்தால் அதிலேயே வரைகிறது. இல்லாவிட்டால் இரண்டாவதிடம் போகிறது, பிறகு மூன்றாவதிடம். பட்டியல் தீர்ந்துபோனால் கருவிக்குள் வேறெங்காவது அந்த எழுத்து இருக்கிறதா என்று தானே தேடிப்பார்க்கிறது. எங்குமே இல்லையென்றால்தான் வெற்றுப் பெட்டி. ஒரே வரியில் தமிழ் ஒரு எழுத்துருவிலும், கமாவும் எண்களும் இன்னொன்றிலும் வருவது இதனால்தான்.

பட்டியலின் வரிசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜார்ஜியா நல்ல உதாரணம். அது அழகான ஆங்கில எழுத்துரு, தமிழ் கிடையாது. அதை முதலில் எழுதி, தமிழ் எழுத்துருவை இரண்டாவதாக எழுதினால், தமிழ் சரியாகவே வரும். ஆனால் “1967-ல்” என்று எழுதிய இடத்தில் எண்கள் மட்டும் ஜார்ஜியாவில் வரும். ஜார்ஜியாவின் எண்கள் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. 9-ம் 7-ம் கோட்டுக்குக் கீழே இறங்கும், 1 குள்ளமாக நிற்கும், 6 மேலே எழும்பும். தமிழ் எழுத்துகளுக்கு நடுவில் அது தடுக்கி விழுந்தது போலத் தெரியும். தமிழ்ப் பக்கத்துக்குத் தமிழ் எழுத்துருவே முதலில் வர வேண்டும்.

இப்போது ஒரு சிற்றிதழின் தளத்தை எடுத்துக்கொள்வோம். சிறுகதை, கட்டுரை, கவிதை. படங்கள் குறைவு, படிப்பதற்கு நிறைய. எழுத்துருவாக முக்தா மலரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மும்பையைச் சேர்ந்த எக் டைப் உருவாக்கியது. இதற்குள்ளேயே ஆங்கில எழுத்துகளும் எண்களும் இருக்கின்றன. திறந்த எழுத்துரு உரிமம் என்ற ஓஎஃப்எல்லின் கீழ் வெளியானதால் யாரும் தங்கள் சர்வரில் வைத்துக்கொள்ளலாம். கவிவனார், மீரா இனிமை, கட்டமரன் போன்றவற்றுக்கும் இதே உரிமம்தான். விண்டோஸ் கோப்புறையிலிருந்து லதாவையோ நிர்மலாவையோ நகலெடுத்துத் தளத்தில் ஏற்றிவிடுவது அப்படியல்ல. அதற்கு உரிமம் இடம் தருவதில்லை.

இந்த எழுத்துருக்கள் எல்லாமே கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கும்போது சொந்த சர்வர் எதற்கு என்று கேட்கலாம். ஒருகாலத்தில் அதற்குச் சரியான பதில் இல்லை. வேறொரு தளத்தில் ஏற்கெனவே இறங்கிய எழுத்துருவே இங்கும் பயன்படும், நேரம் மிச்சம் என்பார்கள். 2020-ல் குரோம் 86 வந்ததிலிருந்து ஒரு தளத்துக்காகச் சேமித்ததை இன்னொரு தளத்துக்குக் கொடுப்பதில்லை. சஃபாரி அதற்கு முன்பே அப்படித்தான். ஆகவே அந்த லாபம் போய்விட்டது. இன்னொரு சர்வரைத் தேடிப்போகும் நேரம்தான் மிச்சம் நிற்கிறது. வாசகரின் ஐபி முகவரி மூன்றாம் தரப்புக்குப் போகிறது என்ற காரணத்துக்காக 2022 ஜனவரியில் மியூனிக் நகர நீதிமன்றம் ஒன்று தள உரிமையாளரை 100 யூரோ இழப்பீடு தரச் சொன்னதும் ஐரோப்பாவில் பலரைச் சொந்த சர்வருக்கு மாற வைத்தது.

இறக்கிய கோப்பு அப்படியே தளத்துக்கு ஏற்றது அல்ல. வியட்நாமிய எழுத்துகள், கிழக்கு ஐரோப்பியக் குறிகள் என்று தமிழ் வாசகர் பார்க்கவே போகாத பலவும் எழுத்துருக்களில் இருப்பதுண்டு. அவற்றை வெட்டிவிட்டு, `woff2` என்ற சுருக்கிய வடிவுக்கு மாற்ற வேண்டும். ஃபான்ட்டூல்ஸ் என்ற பைத்தான் கருவி இரண்டையும் ஒரே கட்டளையில் செய்துவிடும்.

```
pip install fonttools brotli

pyftsubset MuktaMalar-Regular.ttf --flavor=woff2 \
 --unicodes="U+0020-007E,U+00A0,U+0B82-0BFA,U+200C-200D,U+2013-2014,U+2018-201D,U+2026,U+20B9,U+25CC" \
 --layout-features="*" --output-file=malar-400.woff2
```

அந்த எண்களில் `0B82-0BFA` தமிழ். முதலில் உள்ளது ஆங்கில எழுத்தும் எண்ணும் நிறுத்தக்குறிகளும். தமிழ் மட்டும் போதும் என்று இதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு; அப்படிச் செய்தால் முற்றுப்புள்ளியும் எண்ணும் வேறு எழுத்துருவிலிருந்து வந்து உறுத்தும். `20B9` ரூபாய்க் குறி. `200C` கண்ணுக்குத் தெரியாதது. ‘ரிக்‌ஷா’ என்று எழுதும்போது க்-ம் ஷ-வும் ‘க்ஷ’ என்று ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கப் பயன்படுவது. நடுவில் உள்ள சில எண்கள் வளைந்த மேற்கோள் குறிகளும் நீண்ட கோடும் மூன்று புள்ளியும். சிறுகதைக்கு அவை இல்லாமல் முடியாது.

அந்தக் கட்டளையில் கடைசியாக உள்ள `--layout-features="*"` என்ற பகுதியில் சற்று நின்றாக வேண்டும். தமிழ்த் தளங்களில் நடக்கும் மிக மோசமான கோளாறு இங்கேதான் பிறக்கிறது.

‘கு’ என்பது யூனிகோடில் இரண்டு எண்கள்: க, அதன்பின் உகரக் குறி. ‘சு’, ‘டு’, ‘மு’, ‘ரு’ எல்லாமே அப்படித்தான். ஆனால் எழுத்தில் பாருங்கள், கு-வின் வால் ஒரு மாதிரி, டு-வின் வளைவு ஒரு மாதிரி, மு-வின் சுழி ஒரு மாதிரி. ‘க’வும் உகரக் குறியும் அடுத்தடுத்து வந்தால் இந்த உருவத்தைப் போடு என்று சொல்லும் விதிகள் எழுத்துருவுக்குள் `GSUB` என்ற அட்டவணையில் இருக்கின்றன. தமிழ் எழுத்துகளை எந்த முறையில் அடுக்க வேண்டும் என்று பிரவுசர் முடிவு செய்வதற்கும் அந்த அட்டவணை உதவுகிறது. ஆங்கிலத்துக்கு இது அவ்வளவாகத் தேவையில்லை. அதனால் ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்த சில மாற்றுக் கருவிகள், கோப்பைச் சிறிதாக்கும் ஆர்வத்தில் அந்த அட்டவணையை எடுத்துவிடுகின்றன. கோப்பு சிறிதாகிவிடும். ஆனால் ‘குடும்பம்’ என்பதில் க-வுக்குப் பக்கத்தில் உகரக் குறி ஒட்டாமல் தனியாக நிற்கும். ‘கெடு’ என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் உட்காரவும் கூடும்.

பிரவுசர் கேட்கும் கேள்வியை இப்போது நினைத்துப் பார்த்தால் இதன் கொடுமை புரியும். “இந்த எண் உன்னிடம் இருக்கிறதா?” என்றுதான் அது கேட்கிறது, “இவற்றைச் சேர்த்து எழுதத் தெரியுமா?” என்று கேட்பதில்லை. வெட்டுப்பட்ட எழுத்துருவில் ‘க’வும் இருக்கிறது, உகரக் குறியும் இருக்கிறது. ஆகவே பிரவுசர் திருப்தியாக அதிலேயே வரைந்துவிடும். கருவியில் நல்ல தமிழ் எழுத்துரு இருந்தாலும் அதன் பக்கம் திரும்பாது. இப்படி உடைந்த எழுத்துருவைக் கொடுப்பதைவிட எழுத்துருவே கொடுக்காமல் இருப்பது மேல். எழுத்துரு இல்லாத பக்கத்தில் வாசகர் தன் கருவியின் தமிழைப் படிப்பார். உடைந்த எழுத்துரு அதையும் மறைத்துவிடுகிறது.

கோப்பு சரியாக இருக்கிறது என்றால், ஸ்டைல்ஷீட்டில் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

```css
@font-face {
  font-family: "Malar";
  src: url("/fonts/malar-400.woff2") format("woff2");
  font-weight: 400;
  font-display: fallback;
}
body {
  font-family: "Malar", "Nirmala UI", "Tamil Sangam MN",
               "Noto Sans Tamil", "Lohit Tamil", sans-serif;
  line-height: 1.7;
}
```

பட்டியலில் முதல் பெயர் நாம் அனுப்புவது. அடுத்தது விண்டோஸுக்கு. தமிழ் சங்கம் எம்என் ஐபோனிலும் மேக்கிலும் இருப்பது. நோட்டோ ஆண்ட்ராய்டுக்கும், லோகித் லினக்ஸ் கணினிகளுக்கும். கடைசியில் உள்ள `sans-serif` என்பது கருவியே பார்த்து ஏதாவது ஒன்றைப் போடட்டும் என்ற பொது அனுமதி. நடுவில் உள்ள பெயர்களை எழுதாவிட்டாலும் பிரவுசர் பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் லினக்ஸ் போன்ற இடங்களில் பல தமிழ் எழுத்துருக்கள் இருக்கும்போது எது கையில் அகப்படும் என்று சொல்ல முடியாது. பெயர் எழுதுவது அதற்காக. பக்கத்தின் தொடக்கத்தில் `<html lang="ta">` என்று மொழியைச் சொல்லிவிடுவதும் பிரவுசரின் தேர்வுக்கு உதவும்.

கனத்த எழுத்துக்கு இதேபோல இன்னொரு `@font-face`, 700 என்ற எடையோடு, தேவை. அதை விட்டுவிட்டால் பிரவுசர் சாதாரண எழுத்தையே தடிமனாக்கிக் காட்டும். ஆங்கிலத்தில் அது அவ்வளவாகத் தெரியாது. தமிழில் ‘ண’வின் சுழிகளும் ‘ஞ’வின் உள்வளைவும் அடைபட்டு மை கொட்டியது போல ஆகிவிடும்.

எழுத்துரு இறங்கும் வரை என்ன நடக்கும் என்பதை `font-display` முடிவு செய்கிறது. அந்த வரியை எழுதாவிட்டால் பிரவுசர்கள் பொதுவாக 3 நொடி வரை எழுத்தையே காட்டாமல் காத்திருக்கும்; வாசகர் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருப்பார். `swap` என்று எழுதினால் கருவியின் எழுத்துருவை உடனே காட்டிவிட்டு, நம் எழுத்துரு எப்போது வந்தாலும் மாற்றிவிடும். `fallback` என்பது நடுவழி: பத்தில் ஒரு பங்கு நொடி காத்திருந்து, கருவியின் எழுத்துருவைக் காட்டி, சுமார் 3 நொடிக்குள் நம்முடையது வந்தால் மாற்றும். அதற்குப் பிறகு வந்தால் அந்தப் பக்கத்தில் மாற்றாது. சேமித்து வைத்து அடுத்த பக்கத்துக்குப் பயன்படுத்தும்.

சிறுகதை படிக்க வந்தவருக்கு `fallback`தான் ஏற்றது. காரணம், தமிழ் எழுத்துருக்களுக்கு இடையே அகல வேறுபாடு அதிகம். தமிழ்ச் சொற்களோ நீளமானவை. எழுத்துரு மாறும் கணத்தில் ஒரு வரியில் இருந்த சொல் அடுத்த வரிக்குப் போகும், பத்தி நீளும், படித்துக்கொண்டிருந்த இடம் கண்ணுக்குக் கீழே நழுவும். கோப்பு 40 கிலோபைட் என்றும், பேருந்தில் போகிறவரின் இணைப்பு நொடிக்கு 400 கிலோபிட் என்றும் வைத்துக்கொண்டால், எழுத்துரு இறங்க ஏறத்தாழ 0.8 நொடி. வெட்டாத 300 கிலோபைட் கோப்பாக இருந்தால் 6 நொடி. அவர் இரண்டாவது பத்திக்கு வந்திருப்பார். அப்போது பக்கத்தை மாற்றுவது அவரைத் தொந்தரவு செய்வதே.

அந்த நகர்வைக் குறைக்கவும் வழி உண்டு. கருவியின் எழுத்துருவை நம் எழுத்துருவின் அளவுக்குப் பொருத்திக்கொள்ளலாம். ஒரே பத்தியை இரண்டிலும் உடையாத ஒற்றை வரியாக எழுதி அளந்து பார்க்க வேண்டும். நம் எழுத்துருவில் 4,000 புள்ளி அகலமும் நிர்மலாவில் 4,200 புள்ளியும் வந்தால், முதலாவதை இரண்டாவதால் வகுத்து 95.2 சதவீதம் என்று எழுதலாம்:

```css
@font-face {
  font-family: "Malar Fallback";
  src: local("Nirmala UI");
  size-adjust: 95.2%;
}
```

பட்டியலில் `"Malar"`-க்கு அடுத்து இந்தப் பெயரைச் சேர்த்துவிட்டால் விண்டோஸ் வாசகருக்குப் பத்தி ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். நிர்மலா இல்லாத கருவி இந்த வரியைத் தாண்டிப் போய்விடும். மேலே உள்ள எண் கணக்கைக் காட்டத்தான். அவரவர் எழுத்துருவை அவரவரே அளக்க வேண்டும். `size-adjust` சஃபாரிக்கு 17-ம் பதிப்பில்தான் வந்தது, அதற்கு முந்தைய ஐபோன்களில் பலிக்காது.

எழுத்துரு தாமதமாவது ஒரு பக்கம். வராமலே போவது இன்னொன்று. ஆப்பிள் 2022-ல் ஐஓஎஸ் 16-ல் கொண்டுவந்த லாக்டவுன் மோடு இணைய எழுத்துருக்களை இறக்குவதில்லை. விளம்பரத் தடுப்பான்கள் சிலவற்றில் எழுத்துருவைத் தடுக்கும் வசதி உண்டு. ஓபரா மினியும் `@font-face`-ஐ ஏற்பதில்லை. கருவியில் உள்ளதே அதற்கு வழி. இவர்கள் எல்லாரிடமும் கருவியின் தமிழ் எழுத்துரு இருப்பதால் பக்கம் படிக்கும்படி இருக்கும், தோற்றம்தான் வேறு.

கருவியிலேயே தமிழ் இல்லாவிட்டால்? ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் வெற்றுப் பெட்டிகளாகத் தெரிந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது கைகொடுத்தது ஓபரா மினிதான். முகவரிப் பட்டியில் `opera:config` என்று அடித்து, “Use bitmap fonts for complex scripts” என்ற இடத்தில் ஆம் என்று மாற்றினால், ஓபராவின் சர்வரே தமிழ் எழுத்துகளைப் படமாக வரைந்து அனுப்பும். தமிழே தெரியாத போன்களிலும் செய்தி படிக்க முடிந்தது அதனால்தான். இன்று அந்த நிலை எளிமையாக நிறுவிய லினக்ஸ் கணினிகளில் மட்டும் எப்போதாவது தெரிகிறது. ஃபயர்ஃபாக்ஸ் அங்கே பெட்டிக்குள் `0B95` போன்ற எண்ணையும் எழுதிக் காட்டும். எந்த எழுத்துக்கு உருவம் இல்லை என்பதை அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். இப்படிப்பட்ட கணினியில் நாம் அனுப்பும் எழுத்துரு வெறும் அலங்காரமில்லை. பக்கத்தைப் படிக்க முடிவதே அதனால்தான்.

ஒரு சொல்லின் நடுவில் ஒரே ஒரு எழுத்து மட்டும் வேறு மாதிரி தெரிவதும் உண்டு. ‘ஶ’ என்ற எழுத்து யூனிகோடில் 2005-ல்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய எழுத்துருவைத் தளத்தில் வைத்திருந்தால் ‘ஶ்ரீ’ என்ற இடத்தில் மட்டும் கருவியின் எழுத்துரு எட்டிப்பார்க்கும்.

கண்ணால் பார்த்து இவற்றை எல்லாம் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் தளம் செய்தவரின் கணினியில் எல்லாம் சரியாகவே இருக்கும். குரோமில் ஒரு பத்தியின் மேல் வலது சொடுக்கு, Inspect, பிறகு Computed. அந்தப் பலகையின் அடியில் Rendered Fonts என்ற பகுதி உண்மையைச் சொல்லும். முக்தா மலரின் பெயருக்குப் பக்கத்தில் Network resource என்று இருந்தால் நம் கோப்பு வேலை செய்கிறது. அதற்குக் கீழே இன்னொரு பெயரும் Local file என்றும் இருந்தால், சில எழுத்துகள் வெட்டும்போது விடுபட்டிருக்கின்றன. எழுத்துரு அறவே வரவில்லை, Console பகுதியில் CORS என்ற சொல்லோடு சிவப்பு வரி இருக்கிறது என்றால், கோப்பு வேறு முகவரியில் இருக்கிறது. அந்த சர்வர் `Access-Control-Allow-Origin` என்ற அனுமதியைத் தர வேண்டும். தளத்தின் முகவரியிலேயே கோப்பை வைத்துவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

பிறகு Network பகுதிக்குப் போய், எழுத்துருக் கோப்பின் மேல் வலது சொடுக்கி அந்தக் கோரிக்கையைத் தடுத்துவிட்டு, பக்கத்தை மீண்டும் திறந்து பார்க்க வேண்டும். எழுத்துரு கிடைக்காத வாசகரின் பக்கம் அதுதான். தலைப்பு இரண்டு வரிக்குப் பதில் மூன்று வரியாகிப் படத்தின் மேல் ஏறுகிறதா, மெனுவில் சொற்கள் வெட்டுப்படுகின்றனவா என்பது அங்கே தெரிந்துவிடும்.

தமிழ்த் தளம் நடத்துகிறவர்கள் இன்றே ஒரு சோதனைப் பக்கத்தில் “குடும்பம், கெடு, கொக்கு, கௌரவம், ஸ்ரீ, ஶ்ரீ, பக்ஷி, ரிக்‌ஷா, ₹250” என்று ஒரு வரியை, ஒருமுறை சாதாரணமாகவும் ஒருமுறை கனத்த எழுத்திலும் எழுதி, ஒரு விண்டோஸ் கணினி, ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன், ஒரு ஐபோன் மூன்றிலும் திறந்து பாருங்கள்.